'தோல்' என்றால் 'தோள்' என்று கேட்ட பேட்டி: ஒரு குரல் மறைப்பின் நிகழ்வு ஆய்வு

பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் தோல் பதனிடும் தொழிற்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்த ஒருவர், கழிவுக் குழிகளைச் சுத்தம் செய்ய ஆட்களை எப்படி இறக்குகிறார்கள் என்று ஒரு செய்தியாளரிடம் 52 நிமிடம் பேசினார். முகம் காட்ட வேண்டாம், குரலும் தெரியக்கூடாது என்பது அவர் வைத்த நிபந்தனை. குரலை மறைக்கும் வேலை வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் என் அறைக்கு வந்தது. அதற்குள் முதல் தவறு நடந்து முடிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்ததும் திருத்தியதும் திருத்த முடியாமல் விட்டதும்தான் இந்தக் குறிப்பு. அவர் யார் என்று ஊகிக்க உதவக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒலி சம்பந்தப்பட்டவை நடந்தபடியே இருக்கின்றன.

ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை இந்தத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பு சொன்ன காலத்திலிருந்தே, கம்பெனியைப் பற்றி வெளியில் பேசியவர் யார் என்று கேட்டு அலசும் வழக்கமும் இங்கே இருக்கிறது. முகத்தை மறைத்தாலும் ஒரு வாக்கியம் காதில் விழுந்தால் போதும். அதனால் இங்கே குரலை மறைக்கிறவர் முகம் தெரியாத பொதுமக்களை மட்டும் நினைத்து வேலை செய்தால் போதாது. அவரோடு பத்து வருடம் ஒரே ஷிப்டில் நின்ற மேஸ்திரியின் காதையும் நினைக்க வேண்டும்.

செய்தியாளர் முன்னோட்டமாக 40 வினாடித் துண்டு ஒன்றைத் தயார் செய்திருந்தார். Audacity என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் Change Pitch என்பதைத் திறந்து நான்கு செமிடோன், அதாவது நான்கு அரைச்சுரம், கீழே இறக்கியிருந்தார். பெரும்பாலான செய்திச் சானல்களில் கேட்கும் அதே கனத்த, குகைக்குள்ளிருந்து வருவது போன்ற குரல். வெளியிடுவதற்கு முன் பேட்டி கொடுத்த அண்ணாவிடமே போட்டுக் காட்டியது நல்லதாய்ப் போயிற்று. பக்கத்தில் இருந்த அவர் மனைவி இரண்டாவது வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார்: "எங்க வூட்டுக்காரருதான் இது. தொண்டை கட்டிக்கினு பேசறாப்ல கீது."

அந்தத் துண்டை எனக்கு அனுப்பியபோது மூலப் பதிவை அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை. வெளியிலிருந்து பார்க்கிற ஒருவர் இதைத் திரும்ப எடுக்க முடியுமா என்று முதலில் தெரிந்துகொள்ள விரும்பினேன். அவர் பேச்சை நிறுத்தி மூச்சு விடும் இடைவெளியைத் தேர்ந்தெடுத்து, எந்த அலைவரிசை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று காட்டும் Plot Spectrum-இல் 65536 அளவு வைத்துப் பார்த்தேன். 79 ஹெர்ட்ஸிலும் 159 ஹெர்ட்ஸிலும் இரண்டு கூர்மையான முனைகள். அறையில் மின்விசிறி ஓடியிருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விசிறியின் ரீங்காரம் 100, 200 என்று அதன் மடங்குகளில்தான் வரும். 79.4-இல் ஒரு ரீங்காரம் இயற்கையாக இருக்க வழியே இல்லை.

```
12 × log2(79.4 / 100) = -3.99
```

நான்கு செமிடோன் இறக்கம் என்பதை அந்த மின்விசிறியே சொல்லிவிட்டது. அதே Change Pitch-இல் நான்கு செமிடோன் மேலே ஏற்றினேன். அவருடைய சொந்தக் குரல், கொஞ்சம் தேய்ந்த டேப்பில் கேட்பது போல, வந்துவிட்டது. மொத்தம் இரண்டு நிமிட வேலை. ரீங்காரம் இல்லாவிட்டாலும் பெரிய தடை ஒன்றும் இல்லை. அரை செமிடோன் விகிதத்தில் மேலே ஏற்றிக்கொண்டே போனால், மனிதக் குரலாய் இயல்பாகக் கேட்கும் இடத்தில் காது தானாக நின்றுவிடும். ரீங்காரம் அந்தத் தேடலைக்கூடத் தேவையில்லாமல் செய்தது, அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு எளிதாகத் திரும்பியது என்பதற்குக் குரல் எப்படி உண்டாகிறது என்று பார்க்க வேண்டும். தொண்டையில் குரல் நாண் அதிரும் வேகம்தான் சுருதி. இந்த அண்ணாவுக்கு நடுமதிப்பு 118 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வு தொண்டையும் வாயும் சேர்ந்த குழாய் வழியாக வெளியே வரும்போது சில அலைவரிசைகள் மட்டும் ஓங்கும். அந்த ஓங்கல்களுக்கு ஃபார்மன்ட் என்று பெயர். ஒரே சுருதியில் 'ஆ' என்றும் 'ஈ' என்றும் இழுத்துப் பாருங்கள், மாறுவது ஃபார்மன்ட் மட்டுமே. எந்த எழுத்து என்பதை அதுதான் சொல்கிறது. அந்தக் குழாய் எவ்வளவு நீளம் என்பதையும் அதுதான் சொல்கிறது. வளர்ந்த ஆணுக்குச் சுமார் 17 சென்டிமீட்டர், பெண்ணுக்கு அதைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைவு. Change Pitch சுருதியையும் ஃபார்மன்ட்டையும் ஒரே விகிதத்தில், இங்கே 0.794-இல், சேர்த்தே இழுத்துவிடுகிறது. எல்லாம் ஒரே எண்ணால் பெருக்கப்பட்டதால் ஒரே எண்ணால் வகுத்தால் எல்லாம் திரும்பி வருகிறது.

புரிதலிலும் அடி விழுந்திருந்தது. பேட்டியைப் பற்றி எதுவும் தெரியாத, தட்டச்சு வேலை செய்யும் ஒரு தங்கையிடம் அந்த 40 வினாடியைக் கொடுத்து, கேட்டதை அப்படியே எழுதச் சொன்னேன். அண்ணா சொன்னது "தோலு எரியுது". அவள் எழுதியது "தோளு எரியுது". குழியில் இறங்கியவனுக்கு உடம்புத் தோல் எரிவதற்கும் தோள் வலிப்பதற்கும் எவ்வளவு தூரம்! இது அவள் பிழையில்லை. ல-வுக்கும் ள-வுக்கும் உள்ள வேறுபாட்டில் மூன்றாவது ஃபார்மன்ட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. நாக்கை மடக்கிச் சொல்லும் ள, ழ போன்றவற்றில் அது கீழே இறங்கும். ல-வில் மேலே நிற்கும். ல-வில் அது 2600 ஹெர்ட்ஸ் அளவில் இருந்தால், 0.794-ஆல் பெருக்கும்போது 2060-க்கு வந்துவிடுகிறது. நாக்கு மடங்கிய எழுத்து குடியிருக்கும் பக்கம் அதுதான். ஒரே ஆள் நீளமாகப் பேசினால் நம் காது அவருடைய அளவுக்குப் பழகிக்கொள்ளும். துண்டு துண்டாகக் கேட்டால் பழக நேரமிருக்காது. ச-வின் உராய்வொலியும் இப்படியே கீழிறங்கி ஷ-வின் பக்கம் சாய்ந்திருந்தது. போதாக்குறைக்கு நம் மக்கள் இதைக் கைபேசியின் குட்டி ஸ்பீக்கரில்தான் கேட்கப் போகிறார்கள். அடிக்குரலின் கனத்தை அது எடுத்துக்காட்டாது, மிஞ்சுவது முணுமுணுப்பு மட்டும்.

அதனால் கீழே இறக்குவதை விட்டுவிட்டு மேலே ஏற்றுவது என்று முடிவு செய்தேன். எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. தொலைக்காட்சி அந்தக் கனத்த குரலைக் குற்றவாளிகளுக்கே கொடுத்துக் கொடுத்து, அதைக் கேட்டதும் பேசுகிறவர் மேல் சந்தேகம் வருகிறது. கூட வேலை செய்தவன் மயங்கி விழுந்ததைச் சொல்லும் ஒரு மனிதருக்கு அந்தக் குரலைப் போடுவது அநியாயம்.

அப்புறம்தான் மூலப் பதிவை வாங்கினேன். 48 கிலோஹெர்ட்ஸ், சுருக்கப்படாத WAV. இது நமக்குக் கிடைத்த பெரிய வசதி. சாதாரண கைபேசி அழைப்பின் பதிவாக இருந்தால் 3400 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இருந்திருக்காது.

முதலில் சுத்தம். மாற்றுவதற்கு முன்பே ரீங்காரத்தை எடுத்துவிட வேண்டும். மாற்றிய பிறகு எடுக்கலாம் என்று நினைத்தால், அது நகர்ந்த இடத்தில் ஏதாவது ஒரு மடங்கு தப்பி நின்று விகிதத்தைக் காட்டிக்கொடுக்கும். 100 ஹெர்ட்ஸ் அவர் சுருதிக்கு மிக அருகில் இருப்பதால் அகலமாக வெட்டாமல் ஊசி போலக் குறுகலாக வெட்டினேன். பதிவு செய்த தேதி, கருவியின் பெயர் போன்ற தகவல்களும் அதே கட்டளையிலேயே போய்விடும்:

```
ffmpeg -i moolam.wav -af "highpass=f=70,bandreject=f=100:t=h:w=4,bandreject=f=200:t=h:w=4,bandreject=f=300:t=h:w=4" -map_metadata -1 sutham.wav
```

ரீங்காரத்தைப் போலவே சுருதி நிலையாக உள்ள எந்த ஒலியும் ஆபத்துதான். எல்லோருக்கும் தெரிந்த ரிங்டோன், ரயில் நிலைய அறிவிப்புக்கு முந்தைய மணி, மைக்கில் வரும் தொழுகை அழைப்பு எல்லாமே விகிதத்தை அளக்க ஒரு அளவுகோலைக் கையில் கொடுத்துவிடும். எங்கே எப்போது எடுத்தது என்பதையும் சொல்லும். இந்தப் பதிவில் ஓர் இடத்தில் ரயில் ஹாரன் இருந்தது. அந்தப் பகுதியைச் சரிசெய்யப் பார்க்காமல் முழுவதுமாக விட்டுவிட்டோம்.

குரல் மாற்றத்துக்கு Praat எடுத்துக்கொண்டேன். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பவுல் பூர்ஸ்மாவும் டேவிட் வெய்னிங்கும் எழுதிய இலவச மென்பொருள், பேச்சொலி ஆராய்ச்சிக்காகச் செய்தது. அதில் Change gender என்ற கட்டளை சுருதியையும் ஃபார்மன்ட்டையும் தனித்தனியாகக் கேட்கிறது, நமக்கு வேண்டியது அதுதான். ஃபார்மன்ட்டை 1.15-ஆல் பெருக்கினால் 17 சென்டிமீட்டர் குழாய் 14.8 ஆனது போலக் கேட்கும். சுருதியின் நடுமதிப்பை 118-இலிருந்து 150-க்கு ஏற்றினேன், அதாவது 1.27 மடங்கு. இரண்டு விகிதங்களும் வேறுவேறாக இருப்பதால் ஒற்றை எண்ணால் பின்னோக்கி இழுக்க முடியாது. ஃபார்மன்ட்டை 1.2-க்கு மேல் தள்ளியபோது பொம்மைக் குரலாகிவிட்டது. கேட்கிறவர் சிரித்துவிட்டால் பேட்டியே பாழ்.

மூன்றாவதாக ஒன்றைத் தொட்டேன், சுருதியின் ஏற்ற இறக்கம். ஒரு மனிதரை அவருடைய ராகத்தைக் கொண்டே நாம் அடையாளம் காண்கிறோம். அதை 0.6 மடங்காகத் தட்டையாக்கினேன். தமிழில் இதற்கு நாம் கொடுக்கும் விலை குறைவு. "வந்தானா" என்பதில் கேள்வி 'ஆ'-விலேயே இருக்கிறது, குரல் ஏறாவிட்டாலும் கேள்வி போய்விடாது. ஒரேயடியாகத் தட்டையாக்கினால் இயந்திரம் பேசுவது போலாகிவிடும் என்பதால் 0.6-இலேயே நிறுத்திக்கொண்டேன்.

முதல் ஓட்டத்தில் வந்த கோளாறு நான் எதிர்பார்க்காதது. அண்ணாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வாக்கியம் முடியும் இடத்தில் காற்று குறைந்து குரல் கரகரத்து 60, 65 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். Praat சுருதியைத் தேடுவதற்குத் தானாக வைத்திருக்கும் கீழ் எல்லை 75 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே போனதைச் சுருதியே இல்லாத ஒலி என்று கருதி, அந்த அசையை மட்டும் சுருதி மாற்றாமல் விட்டுவிட்டது. முழு வாக்கியமும் புதுக் குரலில் போய்க் கடைசி அசை மட்டும் உடைந்து நொறுங்கியது. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, அதிலும் எதிர்மறை வினையின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. "கையுறை எதுவும் குடுக்கல" என்பதில் அந்தக் கடைசி 'ல' போய்விட்டால் என்ன மிஞ்சும்? தட்டச்சுத் தங்கை "எதுவும் குடுக்க..." என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தாள். குற்றச்சாட்டின் உயிரே அந்த ஓர் அசையில்தான்.

கீழ் எல்லையை 50-க்கு இறக்கி, 600 என்று இருந்த மேல் எல்லையை ஆண் குரலுக்குப் போதுமான 300-க்குக் கொண்டுவந்ததும் அந்த அசை எழுந்து வந்தது.

```
selectObject: "Sound pagudhi3"
Change gender: 50, 300, 1.15, 150, 0.6, 1
```

65 ஹெர்ட்ஸ் கரகரப்புக்கு என்ன ஆகிறது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். நடுமதிப்பு மாறும்போது அது 82.6 ஆகிறது, பிறகு ஏற்ற இறக்கம் 0.6 ஆகச் சுருங்கும்போது 109.6-க்கு வருகிறது. அடையாளம் மறைகிறது, எழுத்தும் கேட்கிறது. இதற்கும் ஒரு விலை உண்டு. Praat சுருதியைத் தேடும் சாளரத்தின் நீளம் 3-ஐ அந்தக் கீழ் எல்லையால் வகுத்து வருவது. 75 வைத்தால் 40 மில்லிவினாடி, 50 வைத்தால் 60. வேகமாகப் பேசிய இடங்களில் சுருதி கொஞ்சம் குழம்பியது. அங்கே மட்டும் 65 வைத்து ஓட்டினேன். மின்விசிறி ரீங்காரத்தை முன்பே எடுத்தது இங்கேயும் உதவியது. எல்லை 50-இல் இருக்கும்போது ரீங்காரமும் இருந்திருந்தால், மௌன இடைவெளிகளில் அதையே குரல் என்று எடுத்துக்கொண்டிருக்கும். கடைசி எண்ணான 1 கால அளவு. அதைத் தொடவே இல்லை. 'பல்'லும் 'பால்'லும் நேரத்தில்தான் வேறுபடுகின்றன.

எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே எண்களை வைக்கவில்லை. ஏழு துண்டுகள், ஃபார்மன்ட் 1.10-இலிருந்து 1.18 வரை, நடுமதிப்பு 142-இலிருந்து 160 வரை, துண்டுக்குத் துண்டு வேறு. நடுவில் செய்தியாளரின் விவரிப்பு வருவதால் பார்வையாளர் காதுக்கு அது உறுத்தவில்லை.

செய்தியாளரின் கேள்விகளை மாற்றத் தேவையில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இரண்டு பேரும் ஒரே மைக்கில் பேசியிருந்தார்கள். அவர் "சரிங்கண்ணா, அப்புறம்?" என்று கேட்கும்போதே பின்னால் அண்ணா "ஆமாமா" என்று தலையாட்டிச் சொல்வது, மாற்றப்படாத சொந்தக் குரலில், அரை வினாடி அப்படியே இருந்தது. ஹெட்போனில் மூன்றாவது முறை கேட்டபோதுதான் பிடிபட்டது. விகிதத்தைக் கண்டுபிடிக்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. அதனால் அவருடைய எல்லாக் கேள்விகளையும் வேறோர் அறையில் புதிதாகப் பதிவு செய்தோம். பழைய பதிவிலிருந்து ஒரு கேள்விகூட எடுக்கவில்லை. ஒரே மைக்கில் எடுத்த பேட்டி என்றால் இனி முதலில் இதைத்தான் தேடுவேன்.

இவ்வளவு செய்த பிறகும் மொழி மிச்சம் இருந்தது. 'கீது', '-கினு', 'இன்னா' எல்லாம் இந்தப் பக்கம் முழுவதும் பேசுவது, அது யாரையும் காட்டிக்கொடுக்காது. "அதாவது இன்னான்னா" என்று ஒவ்வொரு பதிலையும் தொடங்குவது அவருடையது. பேச்சுக்கு நடுவில் வரும் இரட்டை இருமலும் அவருடையது. இரண்டையும் வெட்டினோம். சொன்ன சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல் வைப்பதை எங்கும் செய்யவில்லை. எடுத்தால் பொருள் மாறும் இடமென்றால் அந்தத் துண்டே வேண்டாம் என்று விட்டோம்.

சோதனை இரண்டு விதம். புரிகிறதா என்பதற்குத் தட்டச்சுத் தங்கை: முதல் 40 வினாடியில் பதினோரு சொல் தவறியவள், புதிய முறையில் ஏறக்குறைய அதே நீளமுள்ள துண்டில் மூன்று தவறினாள். "தோலு" தோலாகவே வந்தது. அடையாளம் தெரிகிறதா என்பதற்கு அண்ணாவின் மனைவிதான். அவருக்கு முன்பே விஷயம் தெரியும், அவரைத் தவிர வேறு யாரிடமும் போட்டுக் காட்டவும் முடியாது. "இவரா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார். அதனால் குடியாத்தம் பக்கத்து ஆட்கள் மூவரை இதே மாதிரி வாக்கியங்களைப் பேச வைத்து, அதே அளவில் குரலை மாற்றி, நான்கையும் கலந்து கொடுத்தேன். 15, 20 வினாடித் துண்டுகளில் அவர் கணவரைத் தேடித் தேடி வேறு ஆளைக் காட்டினார். ஒரு நிமிடத்துக்கு மேல் நீண்ட ஒரே ஒரு துண்டில் சரியாகச் சொல்லிவிட்டார். "நிறுத்தி நிறுத்திப் பேசறது அவரு மாதிரியே கீதுபா" என்றார். சுருதியும் ஃபார்மன்ட்டும் அந்த நிறுத்தத்தைத் தொடுவதில்லை. அதன் பிறகு எந்தத் துண்டும் 20 வினாடியைத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொண்டோம்.

மென்பொருள் கொண்டு தேடுபவர் வந்தால் இது போதாது. குரல் மறைப்பை ஆராயும் வாய்ஸ்பிரைவசி போட்டி 2020 முதல் நடக்கிறது. மறைத்த முறையையே அறிந்த எதிராளியை வைத்தும் அதில் சோதிக்கிறார்கள். அந்த அளவுகோலில் சுருதி, ஃபார்மன்ட் மாற்றம் வலுவான மறைப்பு கிடையாது. அண்ணாவின் பேச்சுப் பதிவு ஒன்று ஏற்கெனவே கையில் இருப்பவர், எண்களை மாற்றி மாற்றிப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். துண்டுக்குத் துண்டு எண்ணை மாற்றியது அவருக்கு வேலையைக் கூட்டும், தடுக்காது.

இதை அண்ணாவிடம் அவர் வீட்டிலேயே உட்கார்ந்து விளக்கினேன். எந்தக் குழி, எந்த மாதம், யார் இறங்கச் சொன்னது என்று அவர் சொல்லும் பகுதி ஒன்று இருக்கிறது. அதைப் பேசினால் சந்தேகப் பட்டியல் நான்கைந்து பேராகச் சுருங்கிவிடும், அப்போது குரலை ஒப்பிடுவது சுலபம். அந்தப் பகுதியை அவர் குரலில் வைக்கவே வேண்டாம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "வேற ஆளு பேசனா நான் சொன்ன மாதிரி இருக்குமாப்பா?" என்று கேட்டார். சொல் ஒன்றுகூட மாறாது என்று எழுத்துப்படியை அவர் கையில் கொடுத்தோம். ஆற்காட்டு நண்பர் ஒருவர் வாசித்தார். "வேறொருவர் வாசித்தது" என்று திரையில் போட்டோம். மற்ற ஆறு துண்டுகளும் அவருடைய மாற்றிய குரலில் போயின, அவற்றில் "குரல் மாற்றப்பட்டது" என்ற வரி இருக்கிறது.

துண்டுகளுக்கு வைத்த எண்கள் எழுதிய தாளையும் Praat கட்டளைக் கோப்பையும் வெளியிட்ட அன்றே அழித்தேன். மூலப் பதிவு இருந்த மெமரி கார்டை அண்ணா தன் கையாலேயே உடைக்க வேண்டும் என்றார். உடைத்தார்.